கோழிக்கால் சுட: தணலுக்கு மேலேயா, பக்கத்திலா?

எலும்போடு உள்ள கோழிக்காலைக் கரி அடுப்பில் சுட இரண்டு வழிகள் உண்டு. தணலுக்கு நேர் மேலே கம்பியில் வைக்கலாம். அல்லது தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, கரியில்லாத பக்கத்தில் துண்டுகளை வைத்து மூடி போட்டுச் சுடலாம்.

எந்த வழியானாலும் கரி தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். பற்றவைத்து இருபது, முப்பது நிமிடத்தில் தீ நாக்கு அடங்கி, கரித்துண்டுகள் மேல் வெளிர்சாம்பல் பூத்திருக்கும். கறுப்பு நிறைய மிச்சமிருந்தால் புகைச்சல் வாடை இறைச்சியில் ஏறும். சாம்பல் பூத்த தணலுக்கு மேல், கம்பியிலிருந்து நாலைந்து அங்குல உயரத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடியில் கையை இழுக்க வேண்டியிருந்தால் அது கடும் சூடு.

அந்தச் சூட்டில் கோழிக்காலை நேரே வைத்தால் என்ன ஆகும்? தோலின் கொழுப்பு உருகித் தணலில் சொட்டும், தீ குபீரென்று எழும்பும். நான் அப்படிச் சுட்ட ஒருநாள், பன்னிரண்டு நிமிடத்தில் தோல் கருகிவிட்டது. வெட்டினால் எலும்பை ஒட்டிய சதை இன்னும் வழவழவென்று பச்சையாக இருந்தது. வெளியே ஏறும் சூடு எலும்புவரை போய்ச் சேர நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத் தோல் தாங்காது.

அதனால் கோழிக்காலுக்கு என் தேர்வு பக்கச் சூடுதான். தடித்த முனை தணல் பக்கம் பார்க்கும்படி அடுக்குங்கள். மூடியின் காற்றுத்துளை இறைச்சிக்கு மேலே வரட்டும். சூடான காற்று துண்டுகளைத் தடவிக்கொண்டுதான் வெளியேறும். நடுவில் ஒரு தடவை திருப்பிவிட்டால் போதும். அடிக்கடி மூடியைத் திறந்தால் சூடு போய்விடும். சுமார் 35 நிமிடம் கழித்து, வெப்பமானியைத் தடித்த சதையில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். எல்லாத் துண்டும் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டாக வேண்டும். கால், தொடைத் துண்டுகளை நான் 80 தாண்டும்வரை விடுவேன், சதை அப்போதுதான் நன்றாக இளகும். அப்புறம் தோல் மொறுமொறுப்பாக, ஓரிரு நிமிடம் மட்டும் தணலுக்கு நேர் மேலே. இனிப்புள்ள சாஸ் தடவுவதும் இப்போதுதான். முன்னமே தடவினால் சர்க்கரை கருகும்.

சாறு தெளிவாக வந்தால் வெந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். வெந்த இளங்கோழியிலும் எலும்போரம் சிவப்பு நிற்கும், வேகாத துண்டிலும் சாறு தெளிவாக வரலாம். பச்சைக்கறி இருந்த தட்டையும் இடுக்கியையும் கழுவாமல் வெந்த துண்டுகளுக்கு எடுக்காதீர்கள்.

நேர்ச்சூடு ஜெயிக்கும் இடமும் உண்டு. எலும்பில்லாத, ஒரே கனத்தில் தட்டிய மெல்லிய துண்டுகள் என்றால் பக்கத்துக்கு நாலைந்து நிமிடத்தில் வெந்துவிடும். அவற்றைப் பக்கச் சூட்டில் வைத்தால் நிறம் பிடிப்பதற்குள் வறண்டுபோகும். அவற்றையும் 74 பார்த்தே இறக்குங்கள்.