புயலுக்கு முன்பே டிக்கெட்டை மாற்றுவதா, விமானம் ரத்தாகும்வரை காத்திருப்பதா? பயண விலக்கு ஓர் ஒப்பீடு

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கியபோது சென்னை விமான நிலையத்தை நண்பகல் வாக்கில் மூடினார்கள். இரவு 7 மணி வரை என்று முதலில் சொன்னார்கள். பிறகு மறுநாள் அதிகாலை 4 மணி வரை என்று நீட்டித்தார்கள். இப்படி ஒரு நாளில் டிக்கெட் வைத்திருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. விமான நிறுவனம் பயண விலக்கு (டிராவல் வேவர்) அறிவித்திருந்தால் அதை வைத்துத் தேதியை மாற்றிக்கொள்ளலாம். அதே விலக்கில் டிக்கெட்டை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். இல்லையென்றால் கை வைக்காமல் இருந்து, விமானத்தை நிறுவனமே ரத்து செய்யட்டும் என்று காத்திருக்கலாம்.

எது லாபம் என்பது ஒரே கேள்வியில் அடங்கிவிடும்: உங்களுக்கு அந்தப் பயணம் இன்னும் வேண்டுமா? வேண்டுமென்றால் விலக்கு வந்த உடனே மாற்றுங்கள். வேண்டாமென்றால், ரத்துக் கட்டணமும் தள்ளுபடி என்று அறிவிப்பில் தெளிவாக இருந்தால் ஒழிய, டிக்கெட்டைத் தொடாதீர்கள். விலக்கு என்பது நிறுவனம் தானாக முன்வந்து தருகிற சலுகை. அதன் விதிகளை அவர்களே எழுதுகிறார்கள். விமானம் ரத்தானால் பணம் திரும்பக் கிடைப்பதோ சட்டம் தருகிற உரிமை. சலுகையை எடுத்துக்கொண்டு நீங்களாகவே தேதியை மாற்றிவிட்டால், பழைய விமானம் பிறகு ரத்தானாலும் அதைச் சொல்லிப் பணம் கேட்க முடியாது.

அறிவிப்பை எப்படிப் படிப்பது

2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் கலவரம் முற்றி ஆட்சி கவிழ்ந்தபோது, டாக்கா பயணங்களுக்கு ஏர் இந்தியா ஒரு விலக்கு அறிவித்தது. ஆகஸ்ட் 4 முதல் 7 வரை டாக்காவுக்குப் போகவோ அங்கிருந்து வரவோ உறுதியான டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு, தேதி மாற்றக் கட்டணமும் ரத்துக் கட்டணமும் ஒருமுறை தள்ளுபடி. டிக்கெட் ஆகஸ்ட் 5 அல்லது அதற்கு முன் வாங்கியதாக இருக்க வேண்டும்.

இதில் பார்க்க வேண்டியது தேதிகளை. டிக்கெட் வாங்கிய தேதிக்கு ஒரு வரம்பு இருக்கிறது, பயணத் தேதிக்கு ஒரு வரம்பு இருக்கிறது. ஆகஸ்ட் 8 அன்று பறக்க வேண்டியவர் இந்த விலக்கில் வரமாட்டார். பல அறிவிப்புகளில் மூன்றாவதாக ஒரு தேதியும் இருக்கும்: புதிய பயணம் எந்த நாளுக்குள் முடிய வேண்டும் என்பது. ஆட்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ‘ஒருமுறை’ என்ற சொல்லும் முக்கியம். இரண்டாம் தடவை நீங்களாக மாற்றினால் வழக்கமான கட்டணம் விழும்.

அடுத்தது, எந்தக் கட்டணம் தள்ளுபடி என்பது. மாற்றக் கட்டணம் வேறு, விலை வித்தியாசம் வேறு. ‘மாற்றக் கட்டணம் இல்லை’ என்று மட்டும் போட்டிருந்தால், புதிய தேதியில் டிக்கெட் விலை கூடியிருக்கும்போது அந்தக் கூடுதல் தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டும். புயலுக்கு மறுநாள் எல்லாரும் ஒரே விமானத்துக்கு முட்டி மோதும்போது அந்த வித்தியாசம் மாற்றக் கட்டணத்தைவிடப் பெரிதாகிவிடும்.

அமெரிக்காவில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் மூன்றும் 2020-லேயே உள்நாட்டுப் பயணங்களில் பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு மாற்றக் கட்டணத்தை எடுத்துவிட்டன. ஆகவே அங்கே சூறாவளி விலக்கின் முழு மதிப்பும் விலை வித்தியாசத் தள்ளுபடியில்தான் இருக்கிறது. வழக்கமாக வைக்கும் நிபந்தனை இது: அதே ஊரிலிருந்து அதே ஊருக்கு, அதே வகுப்பில், குறித்த தேதிக்குள் பறந்தால் வித்தியாசம் கிடையாது, அதைத் தாண்டினாலோ ஊரை மாற்றினாலோ வித்தியாசத்தைக் கட்ட வேண்டும்.

ஒரு கணக்கு

சென்னையிலிருந்து துபாய்க்கு ஒருவழி டிக்கெட் 11,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாற்றக் கட்டணம் 3,000. இரண்டு நாள் கழித்துள்ள விமானத்தில் இப்போதைய விலை 16,500. எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், கணக்குப் போடும் முறை எல்லா டிக்கெட்டுக்கும் இதுவே.

| வழி | கூடுதலாகக் கட்டுவது |
|---|---|
| விலக்கு இல்லாமல் மாற்றினால் | 8,500 |
| மாற்றக் கட்டணம் மட்டும் தள்ளுபடி | 5,500 |
| வித்தியாசமும் தள்ளுபடி | 0 |
| விமானம் ரத்தாகி, நிறுவனமே மாற்று விமானம் தந்தால் | 0 |
| ரத்தாகிப் பணத்தை வாங்கி, புதிதாக டிக்கெட் எடுத்தால் | 5,500 அல்லது அதற்கு மேல் |

இரண்டாவது வரியையும் கடைசி வரியையும் சேர்த்துப் பாருங்கள். கட்டணம் மட்டும் தள்ளுபடியாகும் விலக்கும், பணத்தை வாங்கிக்கொண்டு புது டிக்கெட் எடுப்பதும் கிட்டத்தட்ட ஒரே செலவில் வந்து நிற்கின்றன. போயே ஆக வேண்டியவர் பணத்தைத் திரும்பக் கேட்பது பெரும்பாலும் நஷ்டம். மாற்று விமானம் கேட்பதே சரி. பயணமே வேண்டாம் என்பவருக்குத்தான் பணம்.

காத்திருந்தால் சட்டம் என்ன தரும்

இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி விமானம் ரத்தானால் மாற்று விமானம் அல்லது பணம், இரண்டில் ஒன்றைத் தர வேண்டும். புயல், அரசியல் கலவரம் போன்றவை நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணங்கள் என்பதால் இழப்பீடு கிடையாது. ஆனால் ‘புயல்தானே காரணம், பணம் தர மாட்டோம்’ என்று யாராவது சொன்னால் அது தவறு. போவது இழப்பீடு மட்டும்தான். டிக்கெட் பணம் போகாது.

அமெரிக்காவுக்கோ அங்கிருந்தோ பறப்பதாக இருந்தால், 2024 அக்டோபர் 28 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதி இருக்கிறது. ரத்து மட்டுமல்ல, உள்நாட்டில் 3 மணி நேரமும் வெளிநாட்டுப் பயணத்தில் 6 மணி நேரமும் நேரம் மாறினாலே பணம் கேட்கலாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாட்களுக்குள், வேறு வழியில் கட்டியிருந்தால் 20 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ஒரு கண்ணி உண்டு: அவர்கள் தரும் மாற்று விமானத்தை ஏற்றுக்கொண்டால் பணம் கேட்கும் உரிமை முடிந்துவிடும். செயலியில் ‘சரி’ என்று தட்டுவதும் ஏற்பதுதான்.

லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ கிளம்பும் விமானமென்றால் காத்திருப்பதன் மதிப்பு இன்னும் கூடும். புயலால் ரத்தானாலும் மாற்று விமானம் கிடைக்கும்வரை உணவும் தங்குமிடமும் தருவது நிறுவனத்தின் கடமை. எந்த நிறுவனத்தின் விமானமானாலும் இந்த விதி பொருந்தும். விலக்கில் நீங்களாகத் தேதியை மாற்றிக்கொண்டால் அந்த இரண்டு நாள் ஓட்டல் செலவு உங்கள் தலையில்.

புயல், கலவரம், தொற்று: மூன்றும் ஒன்றல்ல

புயலுக்குத் தரும் விலக்கு சில நாட்களே நிற்கும். வானிலை அறிவிப்பு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் இங்கே சீக்கிரம் மாற்றுபவருக்கே நல்ல இடம் கிடைக்கும். புதிய தேதியாக விமான நிலையம் திறக்கும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். முந்தைய நாள் வேறு ஊர்களில் மாட்டிக்கொண்ட விமானங்களும் பணிக்குழுவும் திரும்பி வந்து சேர வேண்டும். அன்றும் பல ரத்தாகும். அதற்கு அடுத்த நாள் பாதுகாப்பு. முடிந்தால் புயலுக்கு முந்தைய நாளுக்கே மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. விலக்கு அதற்கு இடம் தருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தொற்றுநோய்க் காலத்தில் நிலைமை நேரெதிர். விலக்கைத் திரும்பத் திரும்ப நீட்டித்துக்கொண்டே போவார்கள். அவசரப்பட்டு மாற்றியவரின் புதிய தேதியும் அடிபடும். 2020-ல் இந்தியாவில் பணத்துக்குப் பதில் ‘கிரெடிட் ஷெல்’ என்று கணக்கில் வரவு வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த ஆண்டு அக்டோபர் 1 தீர்ப்பில், ஊரடங்குக்குள் பறப்பதற்காக ஊரடங்கின்போதே வாங்கிய டிக்கெட்டுகளுக்கு முழுப் பணத்தையும் தரச் சொன்னது நீதிமன்றம். காத்திருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. தொற்றுக்கு விலக்கு வந்தால், பயண நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்புவரை பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

கலவரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. டாக்கா விலக்கு போல நான்கே நாளுக்கு வரும், நீளுமா என்று யாருக்கும் தெரியாது. அதில் ரத்துக் கட்டணமும் தள்ளுபடி என்பதால், போக மனமில்லாதவர் காத்திருக்கத் தேவையே இல்லை. இப்படிப்பட்ட அறிவிப்பு வரும்போது நேராக ரத்து செய்து பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.

எங்கே சிக்கும்

முதலில் டிக்கெட் எண்ணைப் பாருங்கள். 13 இலக்கத்தில் முதல் மூன்றும் டிக்கெட்டைக் கொடுத்த நிறுவனத்தைச் சொல்லும்: 098 என்றால் ஏர் இந்தியா, 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 176 என்றால் எமிரேட்ஸ். கூட்டுச் சேவையில் பறப்பது ஒருவர் விமானமாகவும் டிக்கெட் இன்னொருவருடையதாகவும் இருக்கும். மாற்றித் தர வேண்டியவர் டிக்கெட் கொடுத்தவர். அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால் நிறுவனம் பெரும்பாலும் உங்களை ஏஜென்டிடமே திருப்பி அனுப்பும். ஏஜென்ட் தயங்கினால் அதற்குக் காரணம் உண்டு. விலக்குக்குரிய குறியீட்டை டிக்கெட்டில் பதியாமல் மாற்றினால், கட்டணத்தை நிறுவனம் பின்னால் ஏஜென்டிடம் வசூலிக்கும். அறிவிப்பின் இணைப்பை அவருக்கு அனுப்பி, குறியீட்டைப் போட்டு மாற்றச் சொல்லுங்கள். அவருடைய சொந்தச் சேவைக் கட்டணம் விலக்கில் வராது.

மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–சிங்கப்பூர் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்திருந்தால் இரண்டையும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றுக்கு விலக்கு இருந்து மற்றதற்கு இல்லாமலும் போகலாம். இருவழி டிக்கெட்டில் போகும் பயணத்தை மாற்றாமல் சும்மா விட்டுவிட்டால் விமானத்துக்கு வராதவர் என்று பதிவாகி, அதாவது ‘நோ-ஷோ’ ஆகி, திரும்பும் பயணமும் ரத்தாகிவிடும். காத்திருக்க முடிவு செய்தவர்களுக்கும் இது பொருந்தும்: விமானம் ரத்தாகாமல் கிளம்பப்போகிறது என்று தெரிந்தால், அது புறப்படும் முன் விலக்கைப் பயன்படுத்தி மாற்றிவிட வேண்டும்.

தொலைபேசியில் மாற்றினால், பிஎன்ஆரில் புதிய தேதி தெரிகிறது என்பதோடு விட்டுவிட வேண்டாம். இடம் பதிவாகியிருக்கும், டிக்கெட் மறுபடி வழங்கப்படாமல் இருக்கும். செக்-இன் கவுண்டரில்தான் அது வெளியே வரும். பெரிய சர்வதேச நிறுவனங்களில் புதிய டிக்கெட் எண் வந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மின்னஞ்சலில் வரவில்லையென்றால் மறுபடி அழைத்து, ‘டிக்கெட் ரீ-இஷ்யூ ஆகிவிட்டதா, எண் என்ன’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டி எடுத்த இருக்கையும் கூடுதல் பெட்டியும் புதிய விமானத்துக்கு மாறியிருக்கிறதா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம்.