ரெயின்கோட்டா, போஞ்சோவா, குடையா: நெல்லை மழையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

நெல்லைச் சீமையில் மழைக்கு இரண்டு குணம். ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் விழுவது சாரல். அது நனைப்பதைவிட, கணவாய் வழியாகக் கூடவே வரும் காற்று வண்டியைத் தள்ளுவதுதான் தொல்லை. அதே நாட்களில் பாளையங்கோட்டைக்கு வெறும் காற்றுதான் மிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு. வேலை விட்டுக் கிளம்பும் நேரமாகப் பார்த்து வானம் இருட்டி, அரை மணி, ஒரு மணி என்று நின்று கொட்டும். எதை வாங்குவது என்பதை மழையின் கனத்தை வைத்து முடிவு செய்தால் தப்பாகிவிடும். எவ்வளவு நேரம் சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம், எந்த வேகத்தில் போகிறோம் என்பதுதான் கணக்கு.

குடையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஓட்டுகிறவர் பிடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்; பின்னால் இருப்பவர் பிடிப்பதுதான் இங்கே அன்றாடக் காட்சி. விரித்த பெரிய குடை ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். அதன் குழிந்த பக்கம் எதிர்க்காற்றில் திரும்பினால், 40 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 8 கிலோ எடையைப் பின்னால் கட்டி இழுப்பது போன்ற விசை வரும். 60 கி.மீ. வேகத்தில் அது 18 கிலோ ஆகிவிடும், ஏனென்றால் வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றின் விசை இரண்டே கால் மடங்காகும். முன்பக்கம் சாய்த்துப் பிடித்தால் இழுவை குறையும் என்பது உண்மைதான். ஆனால் எதிரே ஒரு லாரி கடக்கும் நொடியில் குடை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருபக்கமாக உட்கார்ந்து ஒரு கையில் குழந்தை, மறு கையில் குடை என்றால் பிடித்துக்கொள்ளக் கையே இல்லை. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஓடும் இருசக்கர வண்டியில் குடை விரிப்பதை 2021இலேயே தடை செய்துவிட்டார்கள். மடக்குக் குடை ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து ஆபீஸ் வாசல் வரை அதுதான் சௌகரியம்.

போஞ்சோவுக்கு ஒரு வேலை உண்டு, அதை மட்டும் ஒழுங்காகச் செய்யும். வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரை பத்து நிமிஷ ஓட்டம், வண்டி ஸ்கூட்டர், வேகம் 30க்குள் என்றால் இதைவிடச் சுலபமானது கிடையாது. தலை வழியாகப் போட்டால் முடிந்தது, முதுகுப் பையும் சேர்ந்து மூடிக்கொள்ளும். 40ஐத் தாண்டியதும் பக்கவாட்டுத் துணி படபடவென்று அடித்து மேலே ஏறும், முழங்காலுக்குக் கீழே முழுக்க நனையும். முன்பக்கத்தை ஹேண்டில்பார் மேல் எடுத்துப் போடுகிறவர்கள் ஒரு தடவை இறங்கி முன்னால் போய்ப் பார்க்க வேண்டும்: ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் பாதி மறைந்திருக்கும். பின்பக்கத் தொங்கலை இடுப்புக்கு அடியில் மடித்து அதன்மேல் உட்காருங்கள். தொங்கவிட்டால் சக்கரத்திலோ செயினிலோ மாட்டும். ஆடிக் காற்றில் செங்கோட்டை ரோட்டுக்கு போஞ்சோ அறவே ஆகாது.

மற்றபடி எல்லாவற்றுக்கும் கோட்டும் பேண்ட்டுமாக வரும் ரெயின்கோட்தான். ஆனால் எல்லா ரெயின்கோட்டும் ஒரே இடத்தில்தான் காலை வாரும். ஆலங்குளத்திலிருந்து திருநெல்வேலிக்கு, 30 கி.மீ., முக்கால் மணி நேர ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். கிளம்பி பத்து நிமிஷத்தில் நல்ல மழை. முன்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து உட்காரும்போது கோட்டின் கீழ்ப்பகுதி மடியில் பள்ளமாகி அங்கே தண்ணீர் தேங்கும். சீதபற்பநல்லூர் வருவதற்குள் ஒரு டம்ளர் அளவு சேர்ந்துவிடும். அது ஜிப்பின் அடிமுனை வழியாகவோ, பேண்ட்டில் நாலு தையலும் வந்து கூடும் கவட்டுப் பகுதி வழியாகவோ உள்ளே போகும். சீட்டின் தையல் விட்டிருந்தால் அடியிலிருந்தும் தொல்லை வரும். உள்ளே இருக்கும் பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் நம் எடை அதைப் பிழிந்து துணிக்குள் தள்ளும். சும்மா மேலே விழும் மழையைத் தாங்குகிற துணி, இந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஜங்ஷனில் இறங்கும்போது சட்டை காய்ந்திருக்க, பேண்ட்டின் பின்பக்கம் மட்டும் நனைந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

எனவே கடையில் நிறத்தைப் பார்க்கும் முன் பேண்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் பாருங்கள். "அண்ணாச்சி, கவட்டுத் தையல்ல டேப் ஒட்டியிருக்கா?" என்று கேட்டாலே கடைக்காரருக்கு ஆள் விவரமானவர் என்று புரிந்துவிடும். தையல் மேல் விரல் அகலத்துக்குப் பளபளப்பான பட்டை, கூடுமிடத்திலும் அறுபடாமல் ஓட வேண்டும். கோட்டில் ஜிப்பின் மேல் மூடும் பட்டை இரண்டு அடுக்காக இருந்தால் நல்லது. கோட்டின் நீளம் தொடை பாதி வரை வரட்டும். அளவு ஒன்று கூட எடுங்கள், போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள்; நிற்கும்போது சரியாக இருக்கும் பேண்ட், உட்கார்ந்ததும் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை. பேண்ட்டின் கவட்டுப் பகுதியைப் பை போலக் குழித்துப் பிடித்து ஒரு மக் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிஷம் பொறுத்து அடியில் தடவிப் பாருங்கள். விரலில் ஈரம் பட்டால், முதல் மழைக்கு முன்பே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவது மேல். பழைய கோட்டாக இருந்தால், பாலியஸ்டர் துணிக்கு இஸ்திரி போட்டு ஒட்டும் தையல் டேப் கிடைக்கிறது. மேலே பருத்தித் துணி விரித்து, குறைந்த சூட்டில் அழுத்தி ஒட்ட வேண்டும். பி.வி.சி. கோட்டில் இஸ்திரி வைத்துவிடாதீர்கள், உருகிவிடும்.

பி.வி.சி.யா பாலியஸ்டரா என்றால், தண்ணீரை நிறுத்துவதில் பி.வி.சி. ஒரு படி மேல். ஆனால் கனம், புழுக்கம், மடிப்பில் விரிசல். நம் ஊரில் மழையிலும் வியர்க்கும் என்பதால், உள்ளே நனைந்தது மழையா வியர்வையா என்றே சிலருக்குக் குழப்பம் வரும். முதுகும் அக்குளும் ஈரமாக இருந்தால் வியர்வை. மடி, கழுத்து, மணிக்கட்டு என்றால் ஒழுகல். தினமும் ஒரு மணி நேரம் போகிறவர்கள் உள்பூச்சு உள்ள பாலியஸ்டரே எடுக்கலாம்.

மணிக்கட்டு ஒழுகலுக்குக் கோட்டைக் குறை சொல்லக் கூடாது. சட்டைக் கை அரை விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும், திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை முழங்கை வரை ஏற்றிவிடும். சட்டைக் கையை மடித்து உள்ளே விட வேண்டும். கழுத்தில் துண்டு சுற்றுவதும் இதே தப்புதான். பேண்ட்டின் வலது கால் சைலன்சரில் உரசாதபடி கணுக்காலில் ஒட்டும் பட்டையை இறுக்கிவிடுங்கள்; ஒரு தடவை பட்டால் ஓட்டை.

2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அப்படிப்பட்ட மழைக்கு எந்தக் கோட்டும் பதில் இல்லை. வண்டியை எடுக்காமல் இருப்பதுதான்.

கோட் எத்தனை வருஷம் உழைக்கும் என்பது காயப்போடுவதில் இருக்கிறது. ஈரத்தோடு சுருட்டி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டால், இன்ஜின் சூட்டில் அவிந்து நாறும். உள்பூச்சு பிசுபிசுத்து, மறு வருஷம் செதில் செதிலாக உரியும். முதலில் உள்பக்கம் வெளியே வரும்படி நிழலில் தொங்கவிட்டு, பிறகு திருப்பிப் போடுங்கள். மார்கழி முடிந்து எடுத்து வைக்கும்போது பி.வி.சி. என்றால் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். மடிப்பில்தான் முதல் விரிசல் விழும்.