முன்னே விடுவதா, முந்தி விடுவதா? 100 மீட்டரில் சலுகைக் கணக்கு

தேவனாம்பட்டினம் கடற்கரையில் 100 மீட்டர் ஓட்டம். பெரியவன் 16 விநாடியில் முடிக்கிறான், சின்னவனுக்கு 20 ஆகிறது. பெரியவன் கோட்டைத் தொடும்போது சின்னவன் 80 மீட்டரில் இருப்பான். இருவரும் சேர்ந்து முடிக்க, சின்னவனை 20 மீட்டர் முன்னால் நிறுத்தலாம். அல்லது ஒரே கோட்டிலிருந்து 4 விநாடி முந்தி ஓடவிடலாம்.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஈரமணல் காய்ந்து, இருவர் வேகமும் ஒரே விகிதத்தில் குறைந்தால்தான் வித்தியாசம் தெரியும். நேரம் 17.6, 22 விநாடி என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி இப்போது 4.4, நாம் கொடுத்தது 4. ஆகவே பெரியவன் 0.4 விநாடியில் ஜெயிப்பான், சின்னவன் ஏறத்தாழ 1.8 மீட்டர் பின்னால். தூரச் சலுகையில் அப்போதும் சமம்தான், ஏனென்றால் அது வேகங்களின் விகிதத்தை மட்டுமே பார்க்கிறது.

அதனால் மணலில் என் ஓட்டு தூரத்துக்கே. ஒரே விசில் போதும். நேரச் சலுகைக்கு ஸ்டாப்வாட்ச் வேண்டும், இரண்டு முறை விசில் ஊத வேண்டும், அலைச் சத்தத்தில் ஒன்று காதில் விழாமலும் போகும். ஆட்கள் நடமாடும் புதுச்சேரி பீச் ரோட்டில் நடுவழியில் இன்னொரு கோடு போட முடியாது. அங்கே நேரம்தான் வசதி.

தூரச் சலுகையில் பலரும் சறுக்குவது ஓரிடத்தில்: சின்னவனை முன்னே விடாமல், பெரியவனை 20 மீட்டர் பின்னுக்குத் தள்ளுவது. அவன் 120 ஓடுவதற்குள் சின்னவன் 96தான் ஓடியிருப்பான். 4 மீட்டரில் தோற்பான். பின்னுக்குத் தள்ளுவதென்றால் 25 மீட்டர் தேவை.