கூல் மோடா, டிரை மோடா? ஏசி குழாய்த் தண்ணீரை வைத்து ஓர் அலசல்

பாளையங்கோட்டையில் 12-க்கு 10 அடி படுக்கையறை ஒன்று, உயரம் 10 அடி. ஐப்பசி மழை விட்ட ராத்திரி. வெக்கை பெரிதாக இல்லை, ஆனால் உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது. ரிமோட்டில் கூல் போடுவதா, டிரை போடுவதா?

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஏசிக்குள் இருக்கும் காயில் என்கிற குழாய்ச் சுருள் பெரும்பாலும் 10, 12 டிகிரிக் குளிரில் இருக்கும். ஈரக்காற்று அதன் தகடுகளை உரசும்போது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பதுபோல, ஆவி நீராகிப் படியும். அது கீழே உள்ள தட்டில் வழிந்து, டிரெய்ன் குழாய் வழியாக வெளியே போகிறது. வெளியே சொட்டுவது பழுது இல்லை. அதுதான் வேலை நடப்பதற்கு அடையாளம்.

எவ்வளவு தண்ணீர்? அந்த அறையில் சுமார் 34 கன மீட்டர் காற்று இருக்கிறது. 30 டிகிரியில், ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 21 கிராம் நீர். அறையை 25 டிகிரிக்கும் 55 சதவீதத்துக்கும் கொண்டுவந்தால் அது 13 கிராமுக்குச் சற்றுக் குறைவாகும். வித்தியாசத்தைப் பெருக்கினால் மொத்தமே கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான். ஆனால் காலையில் வாளியில் இரண்டு லிட்டர் கிடக்கிறதே? மீதி, கதவு இடுக்கிலும் ஜன்னல் சந்திலும் ராத்திரி முழுக்க நுழைகிற வெளிக்காற்றிலிருந்து வருகிறது. கூடவே, படுத்திருப்பவர்களின் மூச்சும் வேர்வையும். தூங்கும் ஒருவரிடமிருந்து மணிக்கு 40, 50 கிராம் வரும். அதனால் வாளி நிரம்பினால் ஏசியை மட்டும் பார்க்காமல் ஜன்னல் சந்தையும் பாருங்கள்.

இப்போது இரண்டு மோடுக்கும் வருவோம். சித்திரை மத்தியானத்தில் கூல் மோடுதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெக்கை தீராமல் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். காயிலும் குளிர்ந்தே இருக்கும். ஒன்றரை டன் மெஷின் முழு வேகத்தில் ஈரக்காற்றில் ஓடினால் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேலேகூட இறக்கும். அப்போது டிரை போட்டால் தண்ணீரும் குறையும், அறையும் குளிராது.

ஐப்பசி, கார்த்திகையில் கதையே வேறு. வெளியே 25 டிகிரிதான், ஈரப்பதமோ 90 சதவீதம். கூல் மோடில் 25 வைத்தால் அறை சீக்கிரமே அந்த அளவைத் தொட்டுவிடும், கம்ப்ரசர் நின்றுவிடும். ஆனால் பல மெஷின்களில் ஃபேன் நிற்காது. தகடுகளில் இன்னும் சொட்டாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் நீரை அந்தக் காற்று உலர்த்தித் திரும்ப அறைக்குள்ளேயே அனுப்பிவிடும். குழாயில் சொட்டு நிற்கும், போர்வை நமத்துப்போகும். இன்வெர்ட்டர் ஏசி நிற்காமல் மெதுவாக ஓடும். அப்போது காயிலின் குளிர் குறைவதால் நீர் படிவதும் குறைந்துவிடும்.

டிரை மோடு இதைத்தான் மாற்றிச் செய்கிறது. ஃபேன் மிக மெதுவாகச் சுற்றும். காற்று காயிலின் மேல் அதிக நேரம் தங்கி நன்றாகக் குளிரும். அதனால் ஒரு டிகிரி குளிர்ச்சிக்குக் கூடுதலாக நீர் இறங்கும். கம்ப்ரசர் நிற்கும்போது பெரும்பாலும் ஃபேனும் நின்றுவிடும், ஆகவே நீர் திரும்பப் போகாமல் தட்டிலேயே விழும். மழைக்கால ராத்திரிக்கு என் ஓட்டு டிரை மோடுக்குத்தான். குறை ஒன்று உண்டு: பல ரிமோட்டுகளில் ஃபேன் வேகத்தை நாம் மாற்ற முடியாது. அறையில் நாலைந்து பேர் படுத்தால் அந்தக் காற்று போதாது. அப்போது கூல் மோடிலேயே ஃபேனை லோவில் வைப்பது மேல்.

எந்த மோடானாலும் சொட்டு வீட்டுக்குள் விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும். எங்கள் தெரு மெக்கானிக் சொல்வார்: "வெளிய சொட்டுனா விடுங்க அண்ணாச்சி. உள்ள சொட்டுனா மொதல்ல குழாயப் பாருங்க, பொறவு கேஸப் பத்திப் பேசலாம்." தண்ணீர் தானாகத்தான் இறங்கியாக வேண்டும், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இல்லையென்றாலோ நடுவில் குழாய் தொய்ந்திருந்தாலோ தேங்கிவிடும். தேங்கிய இடத்தில் பாசியும் தூசியும் சேர்ந்து கொழகொழவென்று அடைக்கும். குழாய் முனையை வாளித் தண்ணீருக்குள் முக்கி வைப்பதும் தப்பு. உள்ளே காற்று மாட்டிக்கொண்டு நீர் இறங்காது.

குழாய் சரியாக இருந்தும் உள்ளே ஒழுகினால் முன்மூடியைத் திறந்து தகடுகளைப் பாருங்கள். வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தால் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது கேஸ் குறைந்திருக்கலாம். ஏசியை அணைத்ததும் அந்த ஐஸ் மொத்தமாக உருகித் தட்டு தாங்காமல் வழியும். ஃபில்டரைக் கழுவிப் போட்ட பிறகும் ஐஸ் கட்டினால், அப்போதுதான் மெக்கானிக்குக்குப் போன் போட வேண்டும்.