ஒரே ப்ராம்ப்டில் மோதும் விதிகள்: அழுத்திச் சொல்வதா, வரிசை போடுவதா, விலக்கு எழுதுவதா?

வீட்டு உபயோகப் பொருட்களை ஆன்லைனில் விற்கும் ஒரு கடை, அதற்கு ஒரு வாடிக்கையாளர் சேவை சாட்பாட் என்று வைத்துக்கொள்வோம். சிஸ்டம் ப்ராம்ப்டில், அதாவது கடை அந்தச் சாட்பாட்டுக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் அறிவுறுத்தலில், ஆறு விதிகள். பதில் மூன்று வாக்கியத்துக்குள் இருக்கவேண்டும். பணம் திரும்பப் பெறுவதைப் பற்றிக் கேட்டால் எல்லா நிபந்தனைகளையும் சொல்லவேண்டும். ஆர்டர் எண்ணைச் சரிபார்க்காமல் ஆர்டர் விவரம் எதையும் சொல்லக்கூடாது. கேள்வி மேல் கேள்வி கேட்காமல் முதல் பதிலிலேயே தீர்வு தரவேண்டும். கடை கொடுத்த ஆவணத்தில் இருப்பதை மட்டுமே சொல்லவேண்டும். "தெரியாது" என்று யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. தனித்தனியாகப் படித்தால் எல்லாமே நியாயமாகத்தான் தெரியும், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு புகார் வந்தபோது அந்தப் புகாரை மட்டும் மனதில் வைத்துச் சேர்க்கப்பட்டது.

இப்போது ஒருவர் எழுதுகிறார்: "போன வாரம் வாங்கின ஃப்ரிட்ஜ் பின்னாடி கருகுற வாசனை வருது. ஆர்டர் நம்பர் கையில இல்ல. பணம் திருப்பித் தருவீங்களா?"

ஆறு விதிகளும் ஆறு பக்கம் இழுக்கும். சாட்பாட் ஒரு தடவை ஆர்டர் எண்ணைக் கேட்கும், இன்னொரு தடவை நிபந்தனைகளை நீளமாக அடுக்கும், வேறொரு தடவை ஆவணத்தில் இல்லாத ஒரு வாக்குறுதியைச் சொந்தமாகக் கொடுத்துவிடும். "முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்" என்று சொல்லவேண்டியது எதிலும் வராமலே போகலாம், அப்படிச் சொல்லும்படி எந்த விதியும் இல்லையே. இதைச் சரிசெய்ய ஆட்கள் வழக்கமாகக் கையில் எடுக்கும் வழிகளை இந்த ஒரே கேள்வியை வைத்துப் பார்ப்போம்.

முதல் வழி, அழுத்திச் சொல்வது. மீறப்பட்ட விதிக்கு முன்னால் "மிக முக்கியம்", "கண்டிப்பாக", "எக்காரணம் கொண்டும்" என்று சேர்ப்பது, அல்லது அதைக் கடைசிக்குக் கொண்டுபோவது. இது வேலை செய்வதுபோலத் தோன்றும், அதற்குக் காரணமும் உண்டு. விதிகள் முரண்பட்டால் ப்ராம்ப்டின் முடிவுக்கு அருகில் இருப்பதையே ஜிபிடி-4.1 பின்பற்ற முனைகிறது என்று ஓப்பன்ஏஐ 2025-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஆனால் அது அந்த மாடலின் சாய்வு, நாம் எழுதிய முடிவு அல்ல. நாளைக்கு யாராவது கீழே ஒரு வரி சேர்த்தால் முடிவு மாறிவிடும், மாடலை மாற்றினாலும் மாறலாம். அப்புறம், நான்கு விதிகளுக்கு "மிக முக்கியம்" போட்டபிறகு அந்த நான்குக்குள் எது பெரியது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இரண்டாவது வழி, முன்னுரிமை வரிசை. விதிகள் மோதினால் பாதுகாப்பு முதலில், அடுத்து தனியுரிமை, அடுத்து சரியான தகவல், கடைசியில் சுருக்கம் என்று ஒரே இடத்தில் எழுதிவிடுவது. ஃப்ரிட்ஜ் கேள்விக்கு இது நன்றாகவே உதவும்: மின் ஆபத்து மேலே வந்துவிடுகிறது, ஆர்டர் எண் பின்னால் போகிறது. நாம் யோசிக்காத மோதல்களுக்கும் ஒரு பதில் கிடைக்கிறது என்பதுதான் இதன் பெரிய பலம்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. வரிசையை மட்டும் எழுதி விட்டுவிட்டால், மாடல் அதை "கீழே இருப்பது முக்கியமில்லை" என்று எடுத்துக்கொண்டு, மோதலே இல்லாத இடத்திலும் சுருக்கத்தைக் கைவிடலாம். டெலிவரி எப்போது என்று கேட்டவருக்குப் பத்து வரி வரும். "இரண்டையும் சேர்த்துப் பின்பற்றவே முடியாதபோது மட்டும் இந்த வரிசை" என்ற வரி கட்டாயம் வேண்டும். இரண்டாவது இன்னும் ஆழமானது. சில ஜோடிகளுக்கு ஒரே வரிசை கிடையாது. பணம் திரும்பக் கேட்பவரிடம் முழுமை சுருக்கத்தை வெல்லவேண்டும், ஒரு நிபந்தனை விடுபட்டால் சண்டையில் முடியும். டெலிவரி நிலவரம் கேட்பவரிடம் சுருக்கம்தான் வெல்லவேண்டும். இதை எந்த ஒற்றை வரிசையிலும் அடக்க முடியாது.

அங்கேதான் மூன்றாவது வழி வருகிறது: விதிக்குள்ளேயே அதன் எல்லையை எழுதுவது. "மூன்று வாக்கியத்துக்குள் பதில் சொல்; பணம் திரும்பப் பெறும் நிபந்தனைகளைச் சொல்லும்போது மட்டும் இந்த அளவு பொருந்தாது." மாடல் எதையும் எடைபோட வேண்டியதில்லை, மோதலே அங்கு இல்லாமல் போய்விடுகிறது. ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-5 வழிகாட்டியில் மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் உதவியாளர் ஒன்றின் ப்ராம்ப்டை இப்படித்தான் சரிசெய்து காட்டியிருக்கிறார்கள். வேறெதையும் செய்வதற்கு முன் நோயாளியின் பதிவைத் தேடு என்று ஒரு விதி, அவசரமென்றால் உடனே 911-ஐ அழைக்கச் சொல் என்று இன்னொரு விதி. அவசர நிலையில் பதிவைத் தேடாமல் நேராக 911-க்குப் போ என்று ஒரு விலக்கைச் சேர்த்ததும் முரண் தீர்ந்தது. முரண்பட்ட விதிகளைச் சமரசம் செய்யும் வழியைத் தேடியே அந்த மாடல் தன் யோசனையைச் செலவழித்துவிடும் என்றும் அதே இடத்தில் சொல்கிறார்கள்.

"ஆவணத்தில் இருப்பதை மட்டும் சொல்", "தெரியாது என்று அனுப்பாதே" ஆகிய ஜோடிதான் ஆறில் மிக ஆபத்தானது. ஆவணத்தில் பதில் இல்லாதபோது இரண்டையும் ஒருசேரத் திருப்திப்படுத்த ஒரே வழி, ஆவணத்தில் இருப்பதுபோல ஒன்றைக் கற்பனை செய்து சொல்வது. இங்கே முன்னுரிமை போடுவதைவிட இரண்டையும் தூக்கிவிட்டு ஒரே விதியாக எழுதுவதே சரி.

மூன்றாவது வழியின் குறை எண்ணிக்கை. ஆறு விதிக்கு 15 ஜோடிகள், இருபது விதிக்கு 190. எல்லாவற்றுக்கும் விலக்கு எழுத முடியாது, ஆனால் அவற்றில் நிஜமாக மோதுபவை கொஞ்சம்தான். ஆகவே என் தேர்வு கலவை: தெரிந்த மோதல்களுக்கு விலக்கு, தெரியாதவற்றுக்கு மூன்று படிக்கு மேல் போகாத ஒரு சிறிய வரிசை.

```
- தீ, புகை, ஷாக், கருகும் வாசனை என்றால்: இணைப்பைத்
  துண்டிக்கச் சொல், சேவை மைய எண்ணைக் கொடு. மற்றதெல்லாம்
  அதன் பிறகு. ஆர்டர் எண் வாங்கக் காத்திருக்காதே.
- ஆவணத்தில் பதில் இல்லையென்றால்: இல்லை என்று சொல்லி
  சேவை மையத்துக்கு மாற்று. ஊகிக்காதே.
- மூன்று வாக்கியத்துக்குள் பதில் சொல். பணம் திரும்பப் பெறும்
  நிபந்தனைகளுக்கு இந்த அளவு பொருந்தாது, எல்லாவற்றையும் சொல்.
- ஆர்டர் விவரம் சொல்ல மட்டும் ஆர்டர் எண் கேள். பொதுவான
  விதிகளைச் சொல்ல அது வேண்டாம்.

வேறு விதிகள் மோதி, சேர்த்துப் பின்பற்றவே முடியாதபோது மட்டும்:
பாதுகாப்பு > தனியுரிமை > சரியான தகவல்
```

கேள்வி கேட்டு அலைக்கழிக்காதே என்ற விதி இதில் இல்லை, கவனித்தீர்களா? எப்போது கேட்கலாம் என்பதைக் கடைசி விதி சொல்லிவிட்டதால் அதற்கு வேலையே இல்லை. இந்த ப்ராம்ப்டுடன் ஃப்ரிட்ஜ் கேள்விக்கு வரவேண்டிய பதில்: பிளக்கைப் பிடுங்குங்கள், இந்த எண்ணுக்குப் பேசுங்கள், பணம் திரும்பப் பெறும் நிபந்தனைகள் இவை, உங்கள் ஆர்டரைப் பார்க்க ஆர்டர் எண் வேண்டும்.

மோதல் தீர்ந்ததா என்று தெரிந்துகொள்ள, இரண்டு விதிகளையும் ஒன்றாகத் தூண்டும் ஒரு கேள்வியை எழுதி, பதில் தடவைக்குத் தடவை எவ்வளவு மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் டெம்பரேச்சர் அமைப்பை நிஜத்தில் இருப்பதுபோலவே வைத்து, பத்துத் தடவை ஓட்டுங்கள். பதில்கள் இரண்டு வகையாகப் பிரிந்தால் மோதல் இன்னும் இருக்கிறது. பிரியவில்லை என்றாலும் நம்பிவிட வேண்டாம். விதிகளின் இடத்தை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அப்போது நடத்தை மாறினால், இதுவரை முடிவு செய்தது நீங்கள் எழுதிய முன்னுரிமை அல்ல, விதி இருந்த இடம்தான். மாடல் பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் இதே கேள்விகளைத் திரும்ப ஓட்டவேண்டும்.

இன்னொன்று. சிஸ்டம் ப்ராம்ப்டுக்கும் பயனர் சொல்வதற்கும் இடையே எது மேல் என்பதை மாடல்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித்தருகிறார்கள், அதை நம்பி உள்ளே இருக்கும் விதிகளையும் அதுவே வரிசைப்படுத்திக்கொள்ளும் என்று விட்டுவிடக்கூடாது. ஒரே ப்ராம்ப்டுக்குள் இருக்கும் ஆறு வரிகளும் ஒரே அதிகாரத்தில் இருப்பவை. ஆர்டர் விவரம் பற்றியது போன்ற, ஒருமுறைகூட மீறக்கூடாத விதியை எந்த வரிசையை நம்பியும் ப்ராம்ப்டில் மட்டும் வைக்கக்கூடாது. ஆர்டரைத் தேடித்தரும் நிரலே எண் சரிபார்க்கப்படாதவரை எதையும் தராதபடி இருக்கட்டும், மாடலின் கைக்கே வராத விவரம் பதிலிலும் வராது.