மேளமும் பேச்சும் ஒரே திரையில்: டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு, நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் ஓர் உறுமி மேளக் குழு இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தைய மாதங்களில் பையன்கள் பயிற்சி எடுப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்து இரண்டு வகைக் காணொளி போடுகிறோம். ஒன்று, போன வருடத்து அடியையும் இந்த வருடத்து அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. இன்னொன்று, தோட்டத்துக் கோயிலில் ஒரு காலத்தில் உறுமி வாசித்த மாமா ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே கருத்துச் சொல்வது. இரண்டையும் டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில்தான் நான் வெட்டி ஒட்டுகிறேன். படத்தைப் பிரிப்பது அதில் சுலபம். என் நேரத்தையெல்லாம் தின்பது ஒலிதான்.

படத்தை முதலில் முடித்துவிடலாம். 1920×1080 டைம்லைனில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க, பலர் இரண்டையும் பாதியாகச் சுருக்கிவிடுகிறார்கள். அப்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து பாதித் திரை வீணாகும். மேளக்காரர் ஒருவரை நடுவில் நிறுத்திப் பதிவு செய்திருந்தால் சுருக்கவே வேண்டாம். Inspector-இல் Crop Left, Crop Right இரண்டிலும் 480 கொடுங்கள். பிறகு Position X-இல் ஒரு படத்துக்கு -480, இன்னொன்றுக்கு 480. ஆள் முழு உயரத்தில் நிற்பார், கை ஓடுவது தெளிவாகத் தெரியும். எங்கள் காணொளியை எல்லாரும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள் என்பதால் இந்த வித்தியாசம் பெரிது.

மாமாவின் படத்தை மூலையில் சின்னதாக வைக்கும்போது கால் பங்கு அளவு கைப்பேசியில் போதவில்லை; முகம் மாறுவதே தெரியாது. Zoom 0.33 வைத்து, X 600, Y 320 கொடுத்தால் வலது மேல் மூலையில் ஓரத்திலிருந்து சற்றே தள்ளி உட்காரும். மேல் மூலைதான் சரி. மேளம் இடுப்பளவில் தொங்குவதால் பார்க்க வேண்டியதெல்லாம் படத்தின் கீழ்ப்பாதியில் நடக்கிறது, மேலே பந்தல் துணிதான். எழுத்து வரிகளும் யூடியூபின் ஓட்டப் பட்டையும் கீழேதான் வரும் என்பது இன்னொரு காரணம்.

சரி, ஒலிக்கு வருவோம். மேளம் என்பது திடீர் திடீரென்று குதிக்கும் ஒலி. அலை உச்சியைப் பார்த்து மேளத்தையும் பேச்சையும் சமமாக்கினால், மீட்டரில் இரண்டும் ஒரே உயரம் காட்டும், காதுக்கோ பேச்சு ஒரு அளவில், மேளம் வேறொரு அளவில் கேட்கும். காது உச்சியை அளப்பதில்லை, சராசரிச் சத்தத்தைத்தான் உணர்கிறது. அதை அளக்கும் அலகு LUFS. ரிசால்வில் கிளிப்பின்மேல் வலது சொடுக்கி Normalize Audio Levels போனால் உச்சியை வைத்தும் சமன் செய்யலாம், சத்தத்தை வைத்தும் செய்யலாம். நான் சத்தத்தை வைத்து அளக்கும் ITU-R BS.1770-4 முறையைத் தேர்ந்தெடுத்து மேளம், பேச்சு இரண்டையும் -16 LUFS-க்குக் கொண்டுவருகிறேன். யூடியூப் சுமார் -14-ஐத் தாண்டினால் ஒலியைக் குறைத்துவிடும், அதற்குக் கீழே இருந்தால் ஏற்றித் தராது. அதனால் இன்னும் சத்தமாக அடைக்க நினைப்பதில் லாபமில்லை. மேளத்தின் உச்சி மட்டும் எகிறாமல் இருக்க, வெளியேறும் வழியில் -1 dB-இல் ஒரு லிமிட்டர் போதும்.

சமமாக வைத்தால் மட்டும் மாமா பேசுவது புரிந்துவிடாது. அவர் வாயைத் திறக்கும்போது மேளம் ஒதுங்க வேண்டும், மூடியதும் திரும்ப வேண்டும். முன்பு கைப்பேசிச் செயலியில் வேலை செய்தபோது இதை ஒவ்வொரு பேச்சுக்கும் கையால் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ரிசால்வின் Fairlight பக்கத்தில் மாமாவின் டிராக்கிலுள்ள கம்ப்ரெசரில் Send, மேளத்தின் டிராக்கில் Listen என்று அழுத்திவிட்டால் அவர் குரலே மேளத்தைத் தணிக்கும். மேளத்தின் கம்ப்ரெசரில் Threshold-ஐ மெல்ல இறக்கி, அவர் பேசும்போது மேளம் 10 dB அளவுக்குத் தாழ்கிறதா என்று பார்க்கிறேன். அதற்கு மேல் தாழ்த்தினால் அவர் எதைப் பற்றிப் பேசுகிறாரோ அதுவே காணாமல் போகும்.

முக்கியமானது Release, அதாவது குரல் நின்றதும் மேளம் பழைய அளவுக்குத் திரும்ப எடுக்கும் நேரம். ஆரம்பத்தில் அது மிகக் குறைவாக இருக்கும். “இங்க பாரு தம்பி, கை எறங்கலை, மேலேயே நிக்குது” என்று மாமா சொல்லும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மேளம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடும். வளைகுச்சியைத் தோலில் தேய்க்கும்போது வரும் அந்த நீண்ட உறுமல் இருக்கிறதே, அதில் இந்த மூச்சு வாங்கல் அப்பட்டமாகக் கேட்கும். அரை நொடி முதல் ஒரு நொடி வரை கூட்டினால் வாக்கியம் முடியும்வரை மேளம் தாழ்ந்தே இருந்து பிறகு நிதானமாக எழும்.

இதெல்லாம் வேலை செய்ய ஒரே நிபந்தனை: மாமாவின் மைக்கில் மேளம் விழக் கூடாது. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் மைக்கில் விழும் மேளமே கம்ப்ரெசரைத் தூண்டி மேளத்தைத் தணிக்கும். அதோடு ஒரே ஒலி இரண்டு முறை கேட்பதால் தகர டப்பாவுக்குள் வாசிப்பது போலாகும். ஆகவே காதொலிப்பான் கட்டாயம், அதுவும் கம்பி வைத்தது. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்துப் போகும். சும்மா பேசுபவருக்கு அது தெரியாது. எங்கள் மாமா கேட்கும்போது தொடையில் தாளம் போடுவார். காணொளியில் அந்தக் கை ஒவ்வொரு அடிக்கும் பிந்தி விழுந்தால், பழைய கலைஞருக்குத் தாளம் தப்புகிறது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவருக்குக் கோபம் வராதா?

இரண்டு பதிவுகளையும் பொருத்த, அவர் பார்க்கும் காணொளியின் தொடக்கத்தில் ஒரு ‘பீப்’ ஒலி சேர்த்துவிடுகிறேன். அது வரும்போது ஒரு காதொலிப்பானை அவருடைய மைக்கருகே பிடித்தால் அங்கேயும் பதிவாகிவிடும். பிறகு டைம்லைனில் பீப்பைப் பீப்போடு வைத்தால் முடிந்தது. தொடக்கத்தில் சரியாக இருந்து கடைசியில் விலகினால், கைப்பேசி மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிவு செய்ததா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் Constant Framerate வைத்து மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவந்தால் சரியாகும்.

ஒப்பீட்டுக் காணொளிக்கு வேறு கணக்கு. இடப்பக்க மேளத்தை இடது காதுக்கும் வலப்பக்கத்தை வலது காதுக்கும் அனுப்பலாமே என்று பையன்கள் கேட்டார்கள். காதொலிப்பானில் பிரிந்து கேட்கும், உண்மைதான். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கைப்பேசியில் இரண்டும் கலந்து வெறும் இரைச்சலாகிவிடும். நான் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் ஒலிக்க விடுகிறேன். மற்றதின் படம் ஓடும், ஆனால் சற்று மங்கலாக்கியிருப்பேன். எது கேட்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். இரண்டு பக்கமும் -16-க்கு வந்திருப்பது இங்கேதான் இன்னும் முக்கியம். கொஞ்சம் சத்தமாக இருக்கும் வாசிப்புதான் நல்ல வாசிப்பு என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும், போன வருடத்துப் பதிவு ஆள் சரியாக வாசிக்காததால் தோற்றதா, மைக் தூரத்தில் இருந்ததால் தோற்றதா என்று தெரியாமல் போகும்.

குறைகளும் உண்டு. பழைய மடிக்கணினியில் இரண்டு படம் சேர்ந்து ஓடினாலே திக்கித் திணறும். Generate Proxy Media போட்டு, ஓடுவதற்கு இலகுவான நகல்களை உருவாக்க விட்டுவிட்டு, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்துதான் வேலையைத் தொடங்க முடியும். அப்புறம், பதிவின்போதே உடைந்துபோன மேள ஒலியை என்னால் எப்படியும் மீட்க முடிந்ததில்லை. அலை உச்சி தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் அளவைக் குறைத்தாலும் கரகரப்புச் சிறியதாகக் கேட்குமே தவிரப் போகாது. அதனால் இப்போதெல்லாம் கைப்பேசியைக் குழுவிலிருந்து நன்றாகத் தள்ளி, பந்தல் காலோடு கட்டிவிடுகிறோம். முழு வேகத்தில் ஒரு சுற்று அடிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்த பிறகுதான் உண்மையான பதிவு.