தண்டர்பேர்டில் பதில் முகவரியும் தானியங்கி நகலும்: இரண்டு வருடம் வைத்துப் பார்த்ததில்

வீட்டுக் கணினியின் ஹார்ட் டிஸ்க் போய், புதிதாக மாற்றி வந்த அன்று மாலை திருவாரூரிலிருந்து மைத்துனர் அழைத்தார். பாரம்பரிய நெல் விதை விற்கிறார்; வெளியூர் ஆர்டர்கள் இப்போது மின்னஞ்சலில் வருகின்றன. "அத்தான், நீங்கள் எழுதினாலும் பதில் மட்டும் பட்டறைக்குப் போகிறதே, அதை எனக்கும் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். அன்று இருந்த எரிச்சலில் பாதி விளக்கமும் பாதி வசவுமாகச் சொல்லி வைத்துவிட்டேன். பாவம் அவர். ஆறிய மனதோடு இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்குப் பட்டறை. விலை எழுதி அனுப்புவது நான், கும்பகோணத்து வீட்டிலிருந்து, இரவில், என் சொந்த முகவரியில். ஆனால் "ஐந்தடி விளக்கு எப்போது தயாராகும்?" என்று வரும் பதிலை என் அக்கா மகன் பார்த்தால்தான் பயன். வார்ப்பு முடிந்ததா, கடைசலில் இருக்கிறதா என்பது அவனுக்குத்தான் தெரியும். அதனால் பதில்கள் பட்டறையின் பொதுப் பெட்டிக்குப் போக வேண்டும். நான் எழுதிய ஒவ்வொன்றின் நகலும் எனக்கு வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

பதில் முகவரியை வைப்பது எளிது. நான் மடல் எழுதும் மென்பொருளான தண்டர்பேர்டில் Account Settings திறந்து கணக்கின் பெயரைத் தொட்டால் வரும் முதல் பக்கத்திலேயே Reply-to Address என்று ஒரு கட்டம் இருக்கிறது. நகலைத் தேடி அதே பக்கத்தை நான் மேலும் கீழுமாக மூன்று முறை உருட்டினேன். அது இடப்பக்கப் பட்டியலில் Copies & Folders என்ற தனிப் பக்கத்தில், அனுப்பிய மடல் எந்த ஃபோல்டரில் சேர வேண்டும் என்று கேட்கும் இடத்துக்குக் கீழே, Bcc these email addresses என்று இருக்கிறது. அதற்கு மேலேயே Cc கட்டமும் உண்டு. அதைத் தொடாதீர்கள். அதில் போட்டால் உங்கள் நகல் முகவரி வாடிக்கையாளர் கண்ணில் படும். அவர் எல்லோருக்கும் பதில் என்று அழுத்தினால் அந்தப் பெட்டிக்கும் பதில் வந்து விழும்.

நகல் கட்டத்தில் முதலில் என் அதே முகவரியைத்தான் போட்டேன். அனுப்பிய ஒவ்வொரு மடலும் சிறிது நேரத்தில் புது மடல் போலத் திரும்பி வந்தது. விளக்கின் படங்கள் ஆறு எம்பி ஏறிப் போனால் அதே ஆறு எம்பி இறங்கியும் வந்தது. அது ஒரு தொல்லை என்றால், அடுத்தது ஆபத்து. என் கணக்கு மடல்களைக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் பாப் முறையில் இயங்குவது. மடல்களை வழங்கியில் 14 நாள் மட்டுமே விட்டுவைக்கும்படி அமைப்பு இருந்தது. அதாவது நகல் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது, இரண்டு வாரம் கழிந்தால் அதே ஹார்ட் டிஸ்கில் இரண்டாவது தடவையாகக் கிடக்கும் அதே மடல்தான். இதை உணர்ந்த பிறகு வேறொரு சேவையில், மடல்கள் வழங்கியிலேயே தங்கும் ஐமேப் பெட்டி ஒன்று திறந்து, நகல் அங்கே போகும்படி மாற்றினேன்.

அந்த ஒரு மாற்றம்தான் இப்போது என்னைக் காப்பாற்றியது. பழைய டிஸ்கிலிருந்து ஒன்றும் மீளவில்லை. புது டிஸ்கில் தண்டர்பேர்டை நிறுவி, நகல் பெட்டியைச் சேர்த்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், இரண்டு வருடத்து விலைப்புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன, யாருக்கு எழுதியது, என்ன இணைத்தது என்பது உட்பட. உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடு கோவில் திருப்பணிக் குழு ஒன்றுக்கு எழுதியவற்றைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

காரணம் இதுதான். அதே கணக்கில் பட்டறையின் பெயரில் இரண்டாவது அடையாளம், அதாவது இன்னொரு அனுப்புநர் பெயர், ஒன்று வைத்திருந்தேன். கோவில்களுக்கு அந்தப் பெயரில்தான் எழுதுவேன். Copies & Folders பக்கத்தில் வைத்த நகல் முகவரி முதன்மை அடையாளத்துக்கு மட்டுமே. மற்றதற்கு Manage Identities அழுத்தி, அந்த அடையாளத்தைத் திறந்து, அதற்குள் இருக்கும் இன்னொரு Copies & Folders தாவலில் மறுபடியும் எழுத வேண்டும். பதில் முகவரிக்கும் இதே கதை. ஒரு விதத்தில் இது நியாயம்தான். பெயருக்குப் பெயர் வெவ்வேறு நகல் வேண்டியவர்கள் இருப்பார்கள், எழுதும்போது அனுப்புநரை மாற்றினால் முகவரிகளும் தாமாக மாறிக்கொள்வது அழகாகவே இருக்கிறது. ஆனால் ஓர் அடையாளத்தில் நகல் இருக்கிறது, மற்றதில் இல்லை என்று அந்தப் பக்கம் ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

பதில் முகவரியால் பட்ட பாடு வேறு. போன ஆண்டு ஒருநாள் சிங்கப்பூர் வாடிக்கையாளர் தொலைபேசியில் வந்தார். "உங்களுக்குப் போட்ட மடல் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டதே, பட்டறையை மூடிவிட்டீர்களா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நகல் பெட்டியில் அவருக்கு எழுதியதைத் திறந்து, Ctrl+U அழுத்தி மூலத்தைப் பார்த்தேன். (இங்கே காட்டுவது மாதிரி முகவரி.)

```
Reply-To: orders@vilaku.example
```

vilakku என்பதில் ஒரு k விழுங்கப்பட்டிருக்கிறது. விழுங்கியது நான்தான்; அதற்கு முன் ஏதோ திருத்தும்போது நடந்திருக்கிறது. முகவரியின் வடிவம் சரியாக இருந்ததால் மென்பொருளும் தடுக்கவில்லை. நகல்களை எண்ணிப் பார்த்ததில் 17 நாள், 11 மடல். பதில் எழுதியவர்களுக்குத்தான் அது திரும்பிப் போகும். எனக்கோ அக்கா மகனுக்கோ ஒரு சத்தமும் வராது. "ஆர்டர் மந்தம் மாமா, ஆடி மாதம் அல்லவா" என்று அவன் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். எழுதும் சாளரத்தின் மேலே அந்தத் தவறான முகவரி தினமும் என் கண்முன் நின்றது. பழகிய எழுத்தை யார் படிக்கிறார்கள்?

இன்னொன்றையும் மைத்துனரிடம் சொன்னேன். பதில் முகவரி என்பது பதில் பொத்தானை அழுத்துபவர்களுக்கு மட்டும். முகவரிப் புத்தகத்திலிருந்து புதிதாக எழுதுபவரின் மடல் என் பெட்டிக்கே வரும். நான் எழுதியது போய்ச் சேரவில்லை என்ற அறிவிப்பும் அனுப்பிய முகவரிக்குத்தான் வரும், பட்டறைக்கு வராது. ஆகவே "பதில் அங்கே போகிறது" என்று நம்பி உங்கள் பெட்டியைப் பூட்டிவிட முடியாது.

வைத்துக்கொள்ளலாமா என்றால், நகலை இன்றிரவே வையுங்கள், எல்லா அடையாளத்துக்கும், வேறொரு பெட்டிக்கு. பதில் முகவரி வேண்டாம். இரண்டு வருடத்தில் எனக்கு நூற்றுக்கணக்கான மடல்களை ஒழுங்காகக் கொண்டுசேர்த்ததும் அதுதான், தெரியும். இருந்தும் அந்தப் பதினொன்று நெஞ்சில் நிற்கிறது. நானே அடுத்த வாரம் அதை எடுத்துவிட்டு, பட்டறை முகவரியிலிருந்தே நேரடியாக எழுதப் போகிறேன்.

மைத்துனர் கேட்கவில்லை. நேற்று இரண்டையும் வைத்துவிட்டு, "சரிபாருங்கள் அத்தான்" என்று எனக்கு ஒரு மடல் அனுப்பினார். பதில் பொத்தானை அழுத்தி, மேலே விழுந்த முகவரியைத் தொலைபேசியில் ஒவ்வோர் எழுத்தாக அவருக்குப் படித்துக் காட்டினேன். சரியாகத்தான் இருந்தது. நகல் வந்ததா என்று கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறார்.